வட்டமா இருக்கதெல்லாம் சைபர் இல்ல

மங்கலான ஸ்க்ரீன்ஷாட்லருந்து எழுத்து எடுக்கும்போது O-வும் 0-வும் கலந்து வருதே என்ன செய்யன்னு யார்ட்ட கேட்டாலும் ஒரே பதில்தான் வருது: "எக்செல்ல ஃபைண்ட் ரீப்ளேஸ் போடுங்க, எல்லா O-வையும் 0 ஆக்கிருங்க, முடிஞ்சிட்டு." எங்க ஆபீஸ்லயும் ரொம்ப நாளா அதான் நடந்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அது ஆரம்பத்துலருந்தே உறுத்தல்தான். ஏன்னா மாத்துறதுக்கு முன்னாடி அந்த நம்பரைப் பாத்தா ஏதோ கோளாறுன்னு கண்ணுக்கே தெரியும், மாத்தினதுக்கப்புறம் சுத்தமா அழகா நிக்கும், தப்பு மட்டும் உள்ளேயே இருக்கும். தெரியுற தப்பை யாராவது ஒருத்தர் பிடிச்சிருவாங்க, தெரியாத தப்பை யாரு பிடிப்பா?

பாளையங்கோட்டையில கணக்கு பாக்குற சின்ன ஆபீஸ் எங்களுது. அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், தென்காசி வரைக்கும் கடைக்காரங்க வாட்ஸாப்லதான் பில் அனுப்புதாங்க. பேப்பர் பில்லைத் தூக்கிட்டு பஸ் ஏறி வாரதெல்லாம் போயிட்டு. ஒரு மாசத்துக்கு வார படத்தையெல்லாம் டெசராக்ட்ங்கற எழுத்தெடுக்குற சாப்ட்வேர்ல ஓட்டி எழுத்தா எடுத்துக்கிட்டு அதைத்தான் சரி பாக்கோம். தொகை தப்பா வந்தா கூட்டுத்தொகையில மாட்டிக்கிடும். மாட்டாம நழுவுறது ஜிஎஸ்டி நம்பரும் பேங்க் கோடும்தான், அதைக் கூட்டிப் பாக்க முடியாதுன்னுதான் எல்லாரும் நினைக்காங்க. ஜிஎஸ்டி நம்பரையும் கூட்டிப் பாக்கலாம், அதைப் பத்தித்தான் எழுதப் போறேன்.

## படம் எப்பிடி இம்புட்டு மோசமாச்சு

அம்பாசமுத்திரத்துல பாத்திரக் கடை வச்சிருக்க ஒரு அண்ணாச்சி. அவரு சரக்கு எடுத்த மொத்தக் கடையோட பில் ஒண்ணு அந்த மாசம் 2பி-யில, அதாவது ஜிஎஸ்டி போர்ட்டல் மாசாமாசம் காட்டுற வாங்குன பில் பட்டியல்ல, வரவே இல்ல. கடைக்காரர் ரிட்டர்ன் போடலையா, இல்ல வேற யாரு கணக்குலயாவது போட்டுட்டாரான்னு போர்ட்டல்ல பாக்கணும்னா அவரோட பதினஞ்சு எழுத்து நம்பர் துல்லியமா வேணும். அண்ணாச்சி அனுப்புன படத்துல அந்த வரி மட்டும் கரி பூசுன மாதிரி கெடக்கு.

எப்பிடி அப்பிடி ஆச்சுன்னு தெரிஞ்சிக்கிட்டா எதை நம்பலாம் எதை நம்பக்கூடாதுன்னு தெரியும், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லுதேன். மொத்தக் கடைக்காரர் அனுப்புனது நல்ல பிடிஎஃப்தான். அண்ணாச்சி அதை போன்ல திறந்தாரு, ஏ4 பக்கம் முழுசும் போன் ஸ்க்ரீன் அகலத்துக்குள்ள சுருங்கி நிக்கும்போது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாரு, மகனுக்கு அனுப்புனாரு, மகன் எங்களுக்குத் தள்ளிவிட்டான். போன் ஸ்க்ரீன் 1080-க்கு 2400 பிக்சல்னு வைங்க, வாட்ஸாப் சாதாரணமா அனுப்பும்போது நீளப் பக்கத்தை 1600 அளவுக்குக் குறைச்சிரும், அப்ப அகலம் 720 ஆயிரும். எட்டே கால் இஞ்சு அகலமுள்ள ஏ4 பக்கம் 720 பிக்சல்ல அடங்குதுன்னா ஒரு இஞ்சுக்கு 87 பிக்சல்தான். பில்லுல 10 பாயிண்ட் ஏரியல் எழுத்துன்னா, பெரிய எழுத்து ஒண்ணோட உயரம் ஏறக்குறைய 9 பிக்சல்.

ஒம்போது பிக்சல்ல என்னத்த வரைய முடியும்? அதுக்கு மேல ஜேபெக் வேற. அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டத்துலயும் நுணுக்கமானதைத் தூக்கிப் போட்டுத்தான் சுருக்கும். ஒரு முழு எழுத்தே ஒரு கட்டத்தளவுதான் இருக்குன்னா தூக்கிப் போடுற நுணுக்கம் எதுன்னு யோசிங்க. Q-வோட வால், G-யோட உள்நாக்கு, 8-ஓட நடுக்கோடு, B-யோட இடது பக்கத்து மூலை, எல்லாம் ஒண்ணு ரெண்டு பிக்சல் சமாச்சாரம். அதெல்லாம் போயி வெறும் வட்டம்தான் மிஞ்சும். நாம நாலு மடங்கு பெருசு பண்ணுனாலும் போனது திரும்ப வராது, எழுத்தெடுக்குற சாப்ட்வேருக்குத் தோதான உயரம் கிடைக்கும், அம்புட்டுதான். டெசராக்ட்டுக்குப் பெரிய எழுத்து 30 பிக்சல் பக்கத்துல உயரமா இருந்தா நல்லா வாசிக்கும், அதுக்குத்தான் பெருசு பண்ணுதோம்.

அந்த ஒரு வரியை மட்டும் இமேஜ்மேஜிக்ல வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, நாலு மடங்கு பெருசாக்கி, சுத்தி வெள்ளை ஓரம் விட்டு, இது ஒத்தை வரின்னு சொல்லிக் குடுக்கணும்:

```
magick bill.jpg -crop 190x20+60+210 +repage -colorspace Gray \
  -resize 400% -bordercolor white -border 20 line.png
tesseract line.png - --psm 7
```

முழுப் பக்கத்தையும் அப்பிடியே குடுத்தா கட்டம், கோடு, சீல்னு எல்லாத்தையும் சேத்துக் குழப்பிக்கிடும். இந்த ஒரு வேலையிலேயே பாதிச் சிக்கல் தீந்துரும். மிச்சப் பாதி தீராது.

## முதல்ல எண்ணிப் பாக்கணும்

யாரோட உண்மையான நம்பரையும் இங்க போட முடியாது. அதனால சிக்கலை மட்டும் அப்பிடியே வச்சிக்கிட்டு நம்பரை மாத்திட்டேன். பான் நம்பர்ல நடுவுல வார நாலு எண் 0001-லருந்து 9999 வரைக்கும்தான் உண்டு, 0000-ன்னு யாருக்கும் கிடையாது. வேணும்னே அந்த 0000-ஐ வச்சி ஒரு நம்பர் செஞ்சிருக்கேன். எழுத்தெடுத்து வந்தது இது:

```
33ARGPMOOOO12O
```

எங்க ஆபீஸ்ல வேலை பாக்குற தம்பி உடனே ரீப்ளேஸ் போடக் கையைக் கொண்டு போனான். "இருடே, முதல்ல எத்தன எழுத்து இருக்குன்னு எண்ணு"ன்னேன். எண்ணிட்டு "பதினாலு இருக்குக்கா"ன்னான். ஜிஎஸ்டி நம்பர் பதினஞ்சுல்லா? ஒரு எழுத்தே காணாமப் போயிருக்கு, அப்புறம் எதை எதால மாத்த? O-வை 0 ஆக்குனா பதினாலு எழுத்துல ஒரு அழகான தப்பு நம்பர் கிடைக்கும்.

இது இந்த வகை சாப்ட்வேர்ல வழக்கமா நடக்குறதுதான். இப்ப இருக்க டெசராக்ட் ஒவ்வொரு எழுத்தா வெட்டி வாசிக்குறது இல்ல, வரியை இடமிருந்து வலமா மெல்லிசு மெல்லிசான பட்டையாப் பாத்துக்கிட்டே போகும், அடுத்தடுத்த பட்டையில அதே எழுத்து தெரிஞ்சா ஒண்ணாச் சேத்துக்கிடும். ரெண்டு எழுத்துக்கு நடுவுல இடைவெளி இருக்குன்னு அதுக்குத் தெளிவாத் தெரிஞ்சாத்தான் தனித்தனியா எழுதும். மங்கலான படத்துல வட்டம் வட்டமா அஞ்சு ஒட்டிக்கிட்டு நின்னா ஒண்ணை முழுங்கிரும். அதனால 000 மாதிரி ஒரே எழுத்து வரிசையா வார இடத்துலதான் முதல்ல சந்தேகப்படணும். இன்னொண்ணு, முன்னாடி A R G P M-னு எழுத்தாவே வந்ததால பின்னாடி வட்டத்தையும் O-ன்னே எழுதிருக்கு. அது ஒவ்வொரு எழுத்தையும் தனியாப் பாத்து முடிவு பண்ணுறதில்ல, பக்கத்துல என்ன இருக்குங்கறதும் அதுக்குள்ள கலந்துரும்.

சரி, எங்க விழுந்துச்சு? இங்கதான் நம்பரோட அமைப்பு கை குடுக்குது. முதல் ரெண்டும் மாநிலக் கோடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் நம்பர்: அஞ்சு எழுத்து, நாலு எண், ஒரு எழுத்து. பதிமூணாவது அதே பான்ல அந்த மாநிலத்துல எத்தனையாவது பதிவுன்னு, பெரும்பாலும் 1. பதினாலாவது நம்ம கடைக்காரங்க எல்லாருக்கும் Z. பதினஞ்சாவது சரிபார்ப்பு எழுத்து. இதைக் கையில வச்சிக்கிட்டு ரெண்டு முனையிலருந்தும் நடந்து வரணும். இடது பக்கம் 33ARGPM வரைக்கும் ஏழும் சரியா உக்காருது. நாலாவது பான் எழுத்து P, அதாவது தனி ஆளு. அஞ்சாவது எழுத்து அவங்க கடைசிப் பேரோட முதல் எழுத்தா இருக்கணும், பில்லுல உரிமையாளரோட கடைசிப் பேரு M-ல தொடங்குது, அதுவும் சரி. வலது பக்கத்துலருந்து வந்தா கடைசி வட்டம் சரிபார்ப்பு எழுத்து, அதுக்கு முன்ன இருக்க 2 உண்மையில Z, அதுக்கு முன்ன 1. அப்ப நடுவுல அஞ்சு எழுத்து வேணும், வந்திருக்கது நாலு வட்டம். முழுங்குனது இந்த வட்ட வரிசைக்குள்ளதான்.

அந்த அஞ்சுல முதல் நாலும் எண்ணு, அதனால O இல்ல, 0. அஞ்சாவது கண்டிப்பா எழுத்து, அதனால அது 0 இல்ல. ஆக இப்ப கையில இருக்கது:

```
33ARGPM0000?1Z?
```

இவ்வளவுக்கும் படத்தை மறுபடி உத்துப் பாக்கவே இல்ல. எந்த இடத்துல எது வரலாம்ங்கறது தெரிஞ்சா 0/O, 1/I, 2/Z, 5/S, 8/B, 6/G எல்லாமே பெரும்பாலும் தன்னால தீந்துரும். ஏன்னா இந்த ஜோடி எல்லாத்துலயும் ஒண்ணு எண்ணு, இன்னொண்ணு எழுத்து. மிஞ்சுறது ரெண்டு இடம். பன்னெண்டாவதுல எழுத்துதான்னு தெரியும், ஆனா எந்த எழுத்து? பதினஞ்சாவதுல எண்ணும் வரலாம் எழுத்தும் வரலாம், அதனால அங்க O-வா 0-வான்னு இடத்தை வச்சி சொல்லவே முடியாது.

தம்பி இன்னொரு வழி சொன்னான். எண்ணு மட்டும் வாசின்னு கட்டளை குடுத்து அந்த இடத்தை மட்டும் ஓட்டுவோம்னான். அப்பிடிச் செய்யலாம், `tessedit_char_whitelist`-னு ஒண்ணு உண்டு. ஆனா எண்ணு மட்டும்தான் சொல்லணும்னு கட்டிப்போட்டுட்டா அது எந்த வட்டத்தைப் பாத்தாலும் 0-ன்னுதான் சொல்லும், அங்க Q இருந்தாலும் 0, D இருந்தாலும் 0. நாமளே பதிலைச் சொல்லிக்குடுத்துட்டு சாட்சியும் கேட்ட கதையாயிரும். இடத்தை வச்சி ஏற்கனவே தெரிஞ்சதை உறுதிப்படுத்த அது உதவாது, அதனால நான் வேண்டாம்னுட்டேன்.

## கணக்குப் போட்டுப் பாத்த இடம்

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, அந்த பில்லுல கடைசியில இருக்கது ஓ-வா சைபரா?" "ஏம்மா, எனக்கு எல்லாம் வட்டமாத்தாம்மா தெரியுது. சைபர்னே போட்டுக்கோ, சின்ன விசயத்துக்குப் போயி..." பின்னாடி யாருக்கோ குத்துவிளக்கு எடை போட்டுக்கிட்டு இருந்தாரு. பிடிஎஃப்பை அழிச்சிட்டாராம். மொத்தக் கடைக்காரர் போனை எடுக்க மாட்டேங்காராம், பாக்கி வேற இருக்கு போல.

அப்பதான் அந்த பதினஞ்சாவது எழுத்தை வச்சி கணக்குப் போட்டுப் பாப்போம்னு உக்காந்தேன். அது சும்மா ஒட்ட வச்ச எழுத்து இல்ல, முன்னாடி இருக்க பதினாலுலருந்து கணக்குப் போட்டு வாரது. முறை ரொம்பக் கஷ்டம் இல்ல. 0-லருந்து 9 வரைக்கும் அதே மதிப்பு, A-க்கு 10, B-க்கு 11, அப்பிடியே போயி Z-க்கு 35. முதல் எழுத்தை 1-ஆல பெருக்கணும், ரெண்டாவதை 2-ஆல, மூணாவதை 1-ஆல, நாலாவதை 2-ஆல, இப்பிடி மாறி மாறி. ஒவ்வொரு பெருக்கலையும் 36-ஆல வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டணும். எல்லாத்தையும் கூட்டி, மறுபடி 36-ஆல வகுத்து, மீதியை 36-லருந்து கழிச்சா வார மதிப்புதான் கடைசி எழுத்து. மீதியே இல்லன்னா 0.

நம்ம நம்பர்ல தெரியாத அந்தப் பன்னெண்டாவது எழுத்தை விட்டுட்டு மிச்சத்தைக் கூட்டுனா 127 வருது. நீங்களும் பேப்பர்ல போட்டுப் பாக்கலாம்: 3, 6, A-க்கு 10, R-க்கு 19, G-க்கு 16, P-க்கு 15, M-க்கு 22, நாலு சைபர், 1, Z-க்கு 35. இப்ப அந்த வட்டத்துக்கு யாரெல்லாம் ஆள்? வட்டமாத் தெரியுற பெரிய எழுத்து மூணு: D, O, Q.

D-ன்னா 13-ஐ ரெண்டால பெருக்கி 26. கூட்டுனா 153, மீதி 9, 36-ல கழிச்சா 27, அது R. படத்துல கடைசியில இருக்கது வட்டம், R எப்பிடி வரும்? O-ன்னா 24-ஐ ரெண்டால பெருக்கி 48, ஈவு 1 மீதி 12, ஆக 13. கூட்டுனா 140, மீதி 32, கழிச்சா 4. அதுவும் வட்டம் இல்ல. Q-ன்னா 26-ஐ ரெண்டால பெருக்கி 52, ஈவு 1 மீதி 16, ஆக 17. கூட்டுனா 144. 36 நாலு தடவை அப்பிடியே போயிருது, மீதியே இல்ல. கடைசி எழுத்து 0.

பேனாவைக் கீழ வச்சிட்டு படத்தை மறுபடி பாத்தேன். அந்த அஞ்சாவது வட்டத்துல வாலே இல்ல, யாரு பாத்தாலும் Q-ன்னு சொல்ல மாட்டாங்க. ஒண்ணு O-ன்னு சொல்லுவாங்க, இல்ல D-ன்னு சொல்லுவாங்க. ரீப்ளேஸ் போட்டுருந்தா 0 ஆகிருக்கும். ஆனா கணக்கு Q-வைத் தவிர யாரையும் உள்ள விடல. வாலு அந்த எட்டுக்கு எட்டுக் கட்டத்துல எங்கயோ போயிட்டு, அதோட அடையாளம் மட்டும் மூணு இடம் தள்ளி கடைசி எழுத்துல பத்திரமா இருக்கு. எனக்கு அந்த நேரம் உண்மையிலேயே சந்தோசமா இருந்துச்சு.

தினமும் வேணும்னா கையால போட முடியாதுல்லா, இதை வச்சிக்கிடலாம்:

```python
S = "0123456789ABCDEFGHIJKLMNOPQRSTUVWXYZ"

def kadaisi(g):
    t = 0
    for i, c in enumerate(g[:14]):
        p = S.index(c) * (1 + i % 2)
        t += p // 36 + p % 36
    return S[-t % 36]

for c in "DOQ":
    print(c, kadaisi("33ARGPM0000" + c + "1Z"))
```

ஓட்டுனா `D R`, `O 4`, `Q 0`-ன்னு மூணு வரி வரும்.

## கணக்கையும் முழுசா நம்பக்கூடாது

சந்தோசத்தோட விட்டுட முடியல. தம்பி கேட்டான், "அக்கா, அந்த G உண்மையிலேயே G-தானா? C-யா இருந்தா?" நல்ல கேள்வி. ஒம்போது பிக்சல்ல G-யும் C-யும் அண்ணன் தம்பிதான். C-ன்னு வச்சி ஓட்டுனோம். D-க்கு V வந்துச்சு, Q-க்கு 4 வந்துச்சு, O-க்கு 8. இந்த 8 வயித்தைக் கலக்கிட்டு, ஏன்னா மங்கலான 8-உம் வட்டமாத்தான் தெரியும். ஆக ரெண்டு நம்பர் பாஸ் ஆகுது, `33ARGPM0000Q1Z0` ஒண்ணு, `33ARCPM0000O1Z8` இன்னொண்ணு.

இந்த சரிபார்ப்பு எழுத்தோட எல்லை இதுதான். ஒத்தை எழுத்துல 0-வும் O-வும் மாறுனா அது எந்த இடமா இருந்தாலும் பிடிச்சிரும். ஆனா சந்தேகம் ரெண்டு மூணு எழுத்துல இருந்தா, நாம போட்டுப் பாக்குற சேர்க்கை கூடக்கூட, தப்பான நம்பர் ஒவ்வொண்ணும் 36-ல ஒரு வாய்ப்புல தற்செயலா பாஸ் ஆகிரும். நாப்பது அம்பது சேர்க்கையைப் போட்டு ஓட்டி எது பாஸ் ஆகுதோ அதை எடுத்துக்கிட்டா அது கண்டுபிடிச்சது இல்ல, குலுக்கிப் போட்டது. அதனால சந்தேக எழுத்து எதுன்னு முதல்ல குறைச்சிக்கிட்டு அதுக்கப்புறம்தான் கணக்குக்குப் போகணும்.

குறைக்குறதுக்குப் படத்துக்கிட்டயே திரும்பிப் போனோம், ஆனா எழுத்தோட உருவத்தைப் பாக்கல, அகலத்தைப் பாத்தோம். மங்கலாயிட்டா உருவம் போயிரும், ஆனா ஒரு எழுத்து எங்க தொடங்குது அடுத்தது எங்க தொடங்குதுங்கற தூரம் பெரும்பாலும் போகாது. ஏரியல்ல எல்லா எண்ணும் ஒரே அகலம், எழுத்தளவை ஆயிரம்னு வச்சா 556. O-வும் Q-வும் 778. அதாவது 0 அஞ்சு பங்குன்னா O ஏழு பங்கு, இது சின்ன வித்தியாசம் இல்ல. நாலு மடங்கு பெருசாக்குன படத்துல ஒரு 0-க்கு 27 பிக்சல் பக்கம், ஒரு Q-க்கு 38 பக்கம். அஞ்சும் சைபர்னா வட்ட வரிசை தொடங்குறதுலருந்து 1 தொடங்குற வரைக்கும் 135 இருக்கணும், நாலு சைபர் ஒரு பெரிய எழுத்துன்னா 146. பெயிண்ட்ல கோடு போட்டு அளந்தா 146-ஐ ஒட்டித்தான் வருது. ஆக அஞ்சாவது வட்டம் எண்ணு இல்லங்கறதுக்கு இடமும் சாட்சி, அகலமும் சாட்சி. கடைசி வட்டம் ஒடுக்கமா முன்னாடி இருக்க சைபர் மாதிரியே இருந்துச்சு, அதனால அது O இல்ல, எண்ணுதான். 0-வா 8-ஆங்கறதுதான் பாக்கி.

இங்க அகலம் உதவாது, ரெண்டும் 556. நடுவுல பாத்தோம். 8-க்கு நடுவுல கோடு ஓடுது, எவ்வளவு மங்கினாலும் நடு இடம் கறுத்துத்தான் இருக்கும், 0-க்கு நடு இடம் வெளுத்திருக்கும். இதைத் தனியாப் பாத்து முடிவு பண்ணாம அதே வரியில ஏற்கனவே 0-ன்னு தெரிஞ்ச நாலுக்குப் பக்கத்துல வெட்டி வச்சிப் பாத்தோம், ஏன்னா அதுவும் இதே மங்கல், இதே ஃபான்ட், இதே சுருக்கலைத் தாண்டி வந்ததுதான். நடு இடம் அஞ்சுலயும் ஒண்ணுபோல வெளுப்பு. G-க்கும் அதே மாதிரி, நம்பருக்கு முன்னாடி GSTIN-னு தலைப்பு அச்சாகிருக்குல்லா, அதுல ஒரு G இருக்கு, அது G-தான்னு யாரும் சொல்லித் தெரியணும்னு இல்ல. ரெண்டையும் மேல கீழ வச்சோம். ரெண்டுலயும் வலது பக்கம் கீழ்ப் பாதியில அதே சாம்பல் கறை. C-யா இருந்தா அங்க திறந்து கெடக்கணும். பில்லுல எப்பவும் தெரிஞ்ச எழுத்து எங்கயாவது கெடக்கும், INVOICE-ல O உண்டு, தேதியில 0 உண்டு, அதை மாதிரிக்கு எடுத்துக்கிட்டு ஒப்பிடுறதுதான் மங்கலான படத்துல நான் அதிகமா நம்புற வழி.

கடைசியா போர்ட்டல்ல அந்த நம்பரைப் போட்டுத் தேடுனோம். அதே பேரு, அதே கடை வந்து நின்னுச்சு. ரிட்டர்ன் போட்ட வரிசையையும் அங்கேயே பாக்கலாம், அந்த மாசத்துக்கு அவரு போடவே இல்ல. அண்ணாச்சிகிட்ட சொன்னேன், "பாக்கியைக் குடுக்கதுக்கு முன்னாடி ரிட்டர்ன் போடச் சொல்லுங்க." "நம்பரே தெரியலன்னியேம்மா, இதெல்லாம் எப்பிடிம்மா கண்டுபிடிச்ச?"ன்னு கேட்டாரு. முதல்லயே போர்ட்டல்ல மூணையும் போட்டுப் பாத்திருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். போடலாம், ஆனா பதினாலு எழுத்தை வச்சிக்கிட்டு எந்த மூணைப் போட? அந்த மூணுங்கறதுக்கு வந்து சேருறதுதான் வேலையே.

## சரிபார்ப்பு எழுத்தே இல்லாத நம்பர்

இதே நம்பிக்கையில பேங்க் விவரத்துக்குப் போயிறாதீங்க. ஐஎஃப்எஸ்சி கோடு பதினோரு எழுத்து, முதல் நாலும் எழுத்து, அஞ்சாவது எப்பவும் சைபர், மிச்சம் ஆறும் கிளை. சரிபார்ப்பு எழுத்துன்னு ஒண்ணு கிடையாது. முதல் அஞ்சுக்கு இடமே போதும். இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்னா IOBA0-ன்னு தொடங்கும், எழுத்தெடுத்தா `10BAO`-ன்னு வந்து நிக்கும், அதை யோசிக்காம நேராக்கிடலாம். இங்க ரீப்ளேஸ் போட்டா பேங்க் பேருல இருக்க O-வும் போயிரும். கிளைப் பகுதிதான் வில்லங்கம். நிறைய பேங்க்ல ஆறும் எண்ணாவே இருக்கும், அதுக்காக எல்லா பேங்க்லயும் அப்பிடின்னு நினைச்சிரக்கூடாது. இந்தியன் பேங்க்ல பல கிளைக்கு நடுவுல ஒரு எழுத்து வரும், IDIB000T-ன்னு தொடங்குற மாதிரி. அங்க ஒரு வட்டம் வந்தா அது O-வா 0-வான்னு இடமும் சொல்லாது, கணக்கும் சொல்லாது. கிளையோட பேரைத் தெரிஞ்சிக்கிட்டு ரிசர்வ் பேங்க் தளத்துல இருக்க பட்டியல்ல தேடி எடுக்குறதுதான் வழி.

அக்கவுண்ட் நம்பர் இதைவிட மோசம். பெரும்பாலும் எல்லாமே எண்ணு, அதனால O வந்தா 0-ன்னு மாத்திக்கிடலாம், அங்க மட்டும் ரீப்ளேஸ் சரிதான். ஆனா 0-வும் 8-உம், 6-உம் 8-உம், 1-உம் 7-உம் மாறுனா எதை வச்சிப் பிடிக்க? ரெண்டு தடவை அடிக்கச் சொல்லுதாங்களே, அது கை தவறுறதைத்தான் பிடிக்கும். மங்கலான அதே படத்தைப் பாத்து ரெண்டு தடவையும் 8-ன்னு அடிச்சா ரெண்டும் ஒத்துத்தான் போகும். பணம் போடுறதுக்கு முன்னாடி அக்கவுண்ட் யாரு பேருல இருக்குன்னு காட்டுற வசதியை நெஃப்ட்டுக்கும் ஆர்டிஜிஎஸ்ஸுக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள்ள குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருக்கு, அதைக் கண்டிப்பாப் பாருங்க, பேரு மாறி வந்தா அங்கேயே நிறுத்திருங்க.

எங்க ஷீட்ல இப்ப ஒரு வழக்கம் வச்சிருக்கோம். இடத்தை வச்சி மாத்துன எழுத்துன்னா அப்பிடியே விட்டுருவோம், கணக்கை வச்சி மாத்துனதுன்னா மஞ்சள் கலர், ரெண்டாலயும் தீராததுன்னா அந்த எழுத்துக்குப் பதிலா `?` போட்டு வச்சிருவோம். மாசக் கடைசியில கேள்விக்குறி இருக்க வரியை மட்டும் எடுத்து அந்தந்தக் கடைக்காரருக்கு எழுதிக் கேக்கோம். போன்ல கேட்டா D-யும் P-யும் B-யும் ஒண்ணுபோலத்தான் கேக்கும், பத்தாததுக்கு சைபரை எல்லாரும் ஓ-ன்னுதான் சொல்லுதாங்க. அதனால பிடிஎஃப் இருந்தா திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுக்காம அப்பிடியே டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுதோம், அதுலருந்து நம்பரை காப்பி எடுத்தா Q Q-வாவே வரும். பிடிஎஃப் இல்லன்னா அந்த நம்பர் வரியை மட்டும் விரலால பெருசாக்கி, அதுக்கப்புறம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுதோம். அம்பாசமுத்திரம் அண்ணாச்சி இப்ப ரெண்டாவது வழியில அனுப்புதாரு. எழுத்து 9 பிக்சலுக்குப் பதிலா முப்பதுக்கு மேல நிக்குது, அதுல இதுவரைக்கும் மஞ்சள் கலர் தேவைப்படல.